ஒயிட் சாஸ்: கட்டி எங்கே உண்டாகிறது?

ஒயிட் சாஸில் மிதக்கும் கட்டி ஒன்றைக் கரண்டியில் எடுத்து, ஒரு தட்டில் வைத்து, கத்தி முனையால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். மேலே வழவழவென்று ஒரு தோல் இருக்கும். உள்ளே, நடுவில், பாக்கெட்டிலிருந்து கொட்டியபோது இருந்த அதே வெள்ளை மைதா, ஈரம் படாமல், பொடியாகவே இருக்கும். சுற்றிலும் அரை லிட்டர் பால் கொதித்துக் கொண்டிருக்கிறது. ஆனால் அந்த மாவுக்கு ஒரு சொட்டுகூடப் போய்ச் சேரவில்லை. சாஸ் நீர்த்துப் போவதற்கும் களி போல இறுகுவதற்கும் காரணம் தேடினாலும் கடைசியில் இந்த மாவின் கணக்குக்குத்தான் வந்து நிற்போம்: எவ்வளவு மாவு போட்டோம், அதில் எவ்வளவு பாலைக் குடித்து ஊதியது?

வெண்ணெய், மைதா, பால். இந்த மூன்றில் கெட்டியாக்கும் வேலையைச் செய்வது மைதாவில் இருக்கும் ஸ்டார்ச் மட்டுமே. அது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மணிகளாக இருக்கிறது. பச்சைத் தண்ணீரிலோ ஆறிய பாலிலோ போட்டால் அந்த மணிகள் சும்மா மிதக்கும், பிறகு அடியில் படியும். சூடு 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதுதான் நீரை உறிஞ்சி ஊதத் தொடங்குகின்றன. 90 டிகிரியைத் தாண்டிக் கொதிநிலையை எட்டும்போது முழுதாக ஊதி, ஒன்றையொன்று நெருக்கி, பாலை ஓடவிடாமல் பிடித்து நிறுத்துகின்றன. நாம் கெட்டி என்று சொல்வது அந்த நெரிசலைத்தான்.

இப்போது ஒரு கரண்டி மைதாவை நேராகக் கொதிக்கும் பாலில் கொட்டினால் என்ன ஆகும்? குவியலின் வெளிப்புறத்தில் இருக்கும் மணிகள் அந்த நொடியிலேயே ஊதி, ஒன்றோடொன்று ஒட்டி, பசையாகிவிடும். அந்தப் பசைத் தோல் பாலை உள்ளே விடாது. உள்ளே இருக்கும் மாவு அப்படியே சிறைப்பட்டுவிடும். இது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சும்போது மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு பிறகுதான் அடுப்புக்குக் கொண்டுபோகிறோம். மணிகள் ஊதத் தொடங்குவதற்கு முன்பே அவற்றைப் பிரித்து வைத்துவிடும் வழி அது.

ஒயிட் சாஸில் அந்தப் பிரிக்கும் வேலையைத் தண்ணீருக்குப் பதில் கொழுப்பு செய்கிறது. உருகிய வெண்ணெயில் மாவைக் கலந்தால் ஒவ்வொரு மாவுத் துகளைச் சுற்றியும் ஒரு நெய்ப்படலம் ஏறுகிறது. பிறகு பால் வந்து சேரும்போது துகள்கள் ஒன்றோடொன்று உடனே ஒட்டிக்கொள்ள முடியாமல் அந்தப் படலம் தடுக்கிறது. நாம் கலக்கி அவற்றைப் பாலெங்கும் பரப்பிவிட அந்தச் சிறு அவகாசம் போதும். பிரெஞ்சு சமையல்காரர்கள் இந்த வெண்ணெய்-மாவுக் கலவையை ‘ரூ’ என்கிறார்கள். லா வரேன் என்ற சமையல்காரர் 1651இல் வெளியிட்ட புத்தகத்திலேயே மாவைக் கொழுப்பில் வதக்கி வைத்துக்கொண்டு குழம்பைக் கெட்டியாக்கும் முறை இருக்கிறது. சாஸுக்கு ‘பெஷமேல்’ என்ற பெயர் பதினான்காம் லூயி மன்னரின் அரண்மனை நிர்வாகத்தில் இருந்த ஒருவரின் பெயரிலிருந்து வந்தது. இத்தாலியர்களின் லசான்யா, கிரேக்கர்களின் மூசாகா, நம் ஊர் பேக்கரி-கஃபேக்களில் பிள்ளைகள் கேட்டு வாங்கும் ஒயிட் சாஸ் பாஸ்தா எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதே சாஸ்தான்.

அளவை முதலில் முடிவுசெய்துகொள்வோம். நான்கு பேருக்குப் பாஸ்தா என்று வைத்துக்கொண்டால் ஒரு அரை லிட்டர் பால் பாக்கெட், 35 கிராம் வெண்ணெய், 35 கிராம் மைதா. வெண்ணெயும் மைதாவும் எடையில் சமம் என்பதுதான் நினைவில் வைக்க வேண்டியது. 100 கிராம் பட்டர் பாக்கெட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வெட்டிக்கொண்டால் வெண்ணெய்க் கணக்கு சரி. மைதா, தலைதட்டிய நான்கு டேபிள் ஸ்பூன். இங்கேதான் பலருக்கு முதல் சறுக்கல் நேர்கிறது. குவித்து அள்ளிய ஸ்பூனில் தலைதட்டிய ஸ்பூனைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு மாவு வந்துவிடும். நான்கு ஸ்பூன் என்று படித்து, குவித்து நான்கு போட்டால் பாஸ்தா சாஸுக்குப் பதிலாகக் கட்லெட் பிடிக்கும் பதத்தில் ஒன்று கிடைக்கும். சமையலறைத் தராசு இருந்தால் இந்தச் சாஸுக்காகவாவது அதை வெளியே எடுக்கலாம்.

இதே அரை லிட்டர் பாலுக்கு மாவு 20 கிராம் என்றால் சூப்புக்கு ஏற்ற நீர்ப்பதம். 50 கிராமைத் தாண்டினால் கட்லெட்டுக்கோ ரோலுக்கோ உள்ளே வைத்துப் பிடிக்கும் கெட்டிப் பதம். நடுவில் இருக்கும் 35 பாஸ்தாவுக்கும் காய்கறி பேக்குக்கும் பொருந்தும்.

பொருள்களைப் பற்றி இன்னும் மூன்று சொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் மஞ்சள் நிற டேபிள் பட்டரில் உப்பு இருக்கிறது. அதனால் உப்பைக் கடைசியில், ருசி பார்த்த பிறகுதான் போட வேண்டும். வீட்டில் கடைந்த வெண்ணெய் என்றால் அதில் மோரும் நீரும் அதிகம். உருகிய பிறகு சடசடவென்ற சத்தம் அடங்கும்வரை விட்டுவிட்டு மாவைப் போடலாம். பால் கொழுப்பு அதிகமாக இருந்தால்தான் சாஸ் கெட்டியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கெட்டி ஸ்டார்ச்சிலிருந்து வருகிறது. ஆவின் நீலப் பாக்கெட்டில் 3 சதவீதக் கொழுப்புதான், ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6 சதவீதம். இரண்டிலும் சாஸ் ஒரே பதத்துக்கு வரும், ஆரஞ்சில் வாயில் கூடுதல் வழவழப்பு இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: ஏற்கெனவே காய்ச்சி ஆறவைத்த பால் என்றால் மேலே படிந்த ஆடையை எடுத்துவிட வேண்டும், அல்லது வடிகட்டிவிட வேண்டும். ஆடை சாஸுக்குள் போனால் துண்டு துண்டாகக் கிழிந்து, எவ்வளவு அடித்தாலும் கரையாமல், பார்வைக்கு மாவுக்கட்டி போலவே நிற்கும். மாவைக் குறை சொல்லிக்கொண்டு பாதி நேரம் நாம் பிடித்து அடிப்பது இந்த ஆடையைத்தான்.

பாத்திரம் அடிகனமாக இருக்க வேண்டும். உள்ளே அடியும் சுவரும் சேரும் இடம் செங்குத்தாக இல்லாமல் வளைவாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் விஸ்க் போய்ச் சேராத மூலையில்தான் மாவு ஒளிந்துகொள்ளும். விஸ்க் இல்லாதவர்கள் மரக்கரண்டியாலும் செய்யலாம். பாலை மட்டும் இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டியிருக்கும்.

அடுப்பைக் குறைவாக வைத்து வெண்ணெயை உருக்குங்கள். நுரைத்து, சத்தம் அடங்கியதும், மைதாவைச் சல்லடையில் சலித்தபடியே போட்டு, கைவிடாமல் கிளறுங்கள். முதல் அரை நிமிடம் ஈர மணல் போல இருக்கும். பிறகு இளகி, அடியில் சிறு சிறு குமிழ்கள் எழும்பும். இந்தக் கட்டத்தில் கட்டி ஏதும் தெரிந்தால் இப்போதே கரண்டியின் பின்புறத்தால் அழுத்தி நசுக்கிவிட வேண்டும். வெண்ணெயில் கரையாத கட்டி பாலில் கரையவே கரையாது. இரண்டு நிமிடம் போதும். பச்சை மாவு வாசனை போய், பிஸ்கட் சுடும் வாசனையின் தொடக்கம் மூக்கில் பட்டால் சரி. நிறம் மாறக் கூடாது. மஞ்சளைத் தாண்டிப் பழுப்புக்குப் போனால் வெள்ளைச் சாஸ் வெள்ளையாக இருக்காது என்பது ஒரு பக்கம். வறுபட வறுபட மாவு கெட்டியாக்கும் சக்தியை இழந்துகொண்டே வரும் என்பது இன்னொரு பக்கம். நிறம் ஏறிவிட்ட ரூவில் அளவுப்படி பால் ஊற்றினால் சாஸ் நீர்த்துத்தான் நிற்கும்.

அடுத்தது பால். இங்கே சூடான பாலா, ஆறிய பாலா என்று ஒரு பழைய வழக்கு உண்டு. பிரெஞ்சு சமையலை ஒழுங்குபடுத்தி எழுதிய எஸ்காஃபியே கொதிக்கும் பாலை ஊற்றச் சொல்கிறார். வேறு பலர் குளிர்ந்த பாலையே ஊற்றச் சொல்கிறார்கள். இருவர் சொல்வதும் நடக்கும். சூடான பாலில் மணிகள் சட்டென்று ஊதிவிடும், வேலை சீக்கிரம் முடியும், ஆனால் கை தாமதித்தால் கட்டி தட்டும். ஆறிய பாலில் அவை ஊதத் தொடங்குவதற்கு முன் நமக்கு ஓரிரு நிமிடம் கிடைக்கும். புதிதாகச் செய்பவர்களுக்கு நான் சொல்வது அறைச்சூட்டில் இருக்கும் பால். நேராக ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பால் ரூவில் உள்ள வெண்ணெயை உறையவைத்துவிடும். அது மறுபடி உருகினால் சரியாகிவிடும் என்றாலும் அதுவரை விஸ்க்கில் அப்பிக்கொண்டு பயமுறுத்தும். கொதிக்கும் ரூவில் கொதிக்கும் பாலை ஒரே வீச்சில் கொட்டுவதுதான் உண்மையாகவே ஆபத்தானது.

பாலின் சூட்டைவிட முக்கியமானது முதல் ஊற்று. பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள். அரை லிட்டரில் ஒரு சின்னக் கரண்டி அளவு, 50 மில்லிக்கு மேல் வேண்டாம், ஊற்றி வேகமாக அடியுங்கள். ரூ உடனே சுருண்டு, பாத்திரத்தை விட்டுப் பிரிந்து, சப்பாத்தி மாவு போல ஒரு உருண்டையாகத் திரளும். கெட்டுவிட்டது என்று நினைத்து மீதிப் பாலை அவசரமாகக் கொட்டுவது இந்த நொடியில்தான். கொட்டினால் அந்த உருண்டை உடைந்து சிறு சிறு கட்டிகளாகப் பாலில் நீந்தத் தொடங்கிவிடும். கொட்டாமல், உருண்டையை அப்படியே கிளறி, அதில் வறட்சியான இடம் எங்கும் இல்லாமல் ஒரே பளபளப்பாக ஆகும்வரை பிசைந்துவிட்டு, பிறகு இன்னொரு 50 மில்லி. இப்போது அது கெட்டியான விழுது. விழுது முழுக்க வழவழப்பானதும் இன்னொரு ஊற்று. இந்த மூன்று ஊற்றுகளும் விழுது நிலையில் நடக்க வேண்டும் என்பதில்தான் இரகசியமே இருக்கிறது. கெட்டியான விழுதைக் கிளறும்போது கரண்டிக்கும் பாத்திரத்துக்கும் இடையே உராய்வு இருக்கிறது, கட்டி அதில் மாட்டி நசுங்குகிறது. நீர்த்த பாலில் அந்தப் பிடிப்பு இல்லை. விஸ்க்குக்கு முன்னால் கட்டி நழுவி ஓடிவிடுகிறது. நான்காவது ஊற்றில் இட்லி மாவுப் பதத்துக்குத் தளர்ந்திருக்கும். அதன் பிறகு மீதிப் பாலைத் தாராளமாகவே ஊற்றலாம்.

பால் முழுதும் சேர்ந்ததும் பாத்திரத்தில் இருப்பது வெறும் வெள்ளைப் பால் போலவே தெரியும். இதைப் பார்த்து மாவு போதவில்லை என்று முடிவுசெய்யக் கூடாது. மணிகள் இன்னும் ஊதவில்லை. மிதமான தீயில் மறுபடி அடுப்பில் ஏற்றி, அடியையும் மூலைகளையும் தொட்டுக்கொண்டே கிளறுங்கள். சில நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு, விஸ்க் இழுக்கும் கோடுகள் மேற்பரப்பில் ஒரு கணம் நின்று மறையும். கை கனப்பதை உணரலாம். முதலில் கெட்டியாவது அடிதான். அந்த நேரத்தில் கிளறுவதை நிறுத்தினால் அடியில் ஒரு தகடு படிந்து, பிறகு பெயர்ந்து வந்து, இரண்டாம் வகைக் கட்டியாகும். சாஸ் ‘தளக் தளக்’ என்று குமிழி விட்டதும் தீயைக் குறைத்து, ஐந்து முதல் பத்து நிமிடம் இளங்கொதியில் வைக்க வேண்டும். கெட்டியாகிவிட்டதே என்று முதல் கொதியிலேயே இறக்கினால் நாக்கில் மாவு நெருடும். எஸ்காஃபியே காலத்துச் செய்முறையில் கன்றுக்குட்டி இறைச்சி, வெங்காயம் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் வேகவைத்தார்கள். வீட்டுப் பாஸ்தாவுக்கு அது தேவையில்லை, ஆனால் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போகக் கூடாது.

பதம் பார்க்க ஒரு கரண்டியைச் சாஸில் முக்கி எடுத்து, அதன் பின்புறத்தில் விரலால் ஒரு கோடு கிழியுங்கள். கோட்டின் இரு பக்கமும் ஓடி வந்து மூடாமல் நின்றால் பாஸ்தாவுக்குச் சரியான பதம். ஆனால் அடுப்பில் இருக்கும்போது நீங்கள் விரும்பும் பதத்தைவிட ஒரு சுற்று இளக்கமாக இருக்கும்போதே இறக்க வேண்டும். ஆறும்போது ஸ்டார்ச் இறுகும், தட்டுக்கு வருவதற்குள் கண்முன்னே கெட்டியாகும். உப்பு, மிளகுத்தூள், ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த்தூள் எல்லாம் இப்போதுதான். வெள்ளை நிறம் கெடக் கூடாதென்றால் வெள்ளை மிளகு.

இவ்வளவு செய்தும் கட்டி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுப்பை அணைத்துவிட்டு முதலில் எவ்வளவு கட்டி என்று பாருங்கள். மிளகளவில் ஆங்காங்கே நாலைந்து என்றால் சாஸை அப்படியே கம்பி வடிகட்டியில் ஊற்றி, வேறு பாத்திரத்தில் வடித்துவிடுங்கள். வேலை முடிந்தது. கட்டி நிறைய இருந்தால் வடிகட்டியில் தங்குவதை எறிந்துவிடாதீர்கள். நாம் அளந்து போட்ட 35 கிராம் மாவில் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது; அதை எறிந்தால் சாஸ் வழவழப்பாக இருக்கும், ஆனால் நீர்த்துப்போகும். கரண்டியின் பின்புறத்தால் தேய்த்து அந்தக் கட்டிகளை வடிகட்டி வழியாகவே சாஸுக்குள் அழுத்திவிட வேண்டும். பிறகு கட்டாயம் மறுபடி அடுப்பில் ஏற்றி ஐந்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கட்டிக்குள் சிறைப்பட்டிருந்தது பச்சை மாவு. அது இப்போதுதான் பாலைப் பார்க்கிறது. வேகவைக்காமல் விட்டால் மாவு வாசனை வரும். வேகவைக்கும்போது சாஸ் முன்பைவிடக் கெட்டியாவதையும் பார்க்கலாம். அதனால் கட்டி இருக்கும்போதே பதத்தைச் சரிசெய்யப் பால் ஊற்றுவதோ மாவு சேர்ப்பதோ வேண்டாம். கட்டியை முதலில் தீர்த்துவிட்டுப் பிறகுதான் பதம்.

மிக்ஸியில் அடிப்பதும் நடக்கும். கொதிக்கும் சாஸை மூடிய ஜாரில் ஓடவிட்டால் ஆவி மூடியைத் தூக்கி எறிந்துவிடும், கை முகமெல்லாம் வெந்துபோகும். நன்றாக ஆறவைத்து, ஜாரில் பாதிக்கும் குறைவாக எடுத்து, விட்டுவிட்டு ஓடவிட்டு, பிறகு வேகவைக்க வேண்டும். நீண்ட நேரம் ஓடவிடக் கூடாது. ஊதிய மணிகள் பிளேடில் உடைந்தால் சாஸ் தளர்ந்துவிடும்.

சாஸ் நீர்த்திருக்கிறது என்றால் மாவைத் தேடுவதற்கு முன் ஒரு கேள்வி: அது ஒருமுறையாவது நன்றாகக் குமிழிவிட்டுக் கொதித்ததா? கொதிக்கவில்லை என்றால் மருந்து ஐந்து நிமிடம் தீ மட்டுமே. கொதித்த பிறகும் நீர்த்திருந்தால்தான் மாவுக் குறை. அப்போது பலரும் சொல்வது, இன்னும் கொதிக்கவிட்டால் சுண்டிக் கெட்டியாகிவிடும் என்று. சிறு குறைக்கு அது சரி. அரை லிட்டர் பாலுக்கு 35 கிராம் போட வேண்டிய இடத்தில் 20 கிராம்தான் போட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்டவைத்தே அதைச் சரிசெய்ய வேண்டுமானால் அரை லிட்டரை 300 மில்லிக்கும் கீழே கொண்டுவர வேண்டும். அதற்குள் அடிபிடித்து, பால் இனித்து, நான்கு பேர் பாஸ்தா இரண்டு பேருக்கு வந்து நிற்கும்.

விட்டுப்போன 15 கிராம் மாவை உள்ளே கொண்டுபோவதுதான் நேர்வழி. ஆனால் பொடியாகப் போடக் கூடாது. கொதிக்கும் சாஸில் பொடி மாவு போட்டால் என்ன நடக்கும் என்று தொடக்கத்திலேயே பார்த்தோம். 15 கிராம் மைதாவை, அறைச்சூட்டில் மெத்தென்று இருக்கும் 15 கிராம் வெண்ணெயில் விரல் நுனியால் பிசையுங்கள், அடுப்பு வேண்டாம். உலர்ந்த மாவு எங்கும் தெரியாத விழுதாக வந்ததும் பட்டாணி அளவு உருட்டி, இளங்கொதியில் இருக்கும் சாஸில் இரண்டு மூன்று உருண்டைகளாகப் போட்டு அடியுங்கள். வெண்ணெய் உருக உருக மாவு கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்து பாலில் கலக்கும். ரூ செய்யும் அதே வேலையை இது பச்சையாகவே செய்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் பொறுத்துப் பதம் பார்த்த பிறகுதான் அடுத்த உருண்டை. போட்டதன் பலன் தெரிவதற்குள் அடுத்ததைப் போட்டால் எதிர்ப்பக்கம் போய்விடும். எல்லா உருண்டையும் தேவைப்படாமல் போகலாம். முடிந்ததும் பச்சை வாசனை போக ஐந்து நிமிடம் கொதி.

கார்ன்ஃப்ளோர் கரைசல் இதைவிட வேகமான வழி. ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளோரை ஒரு டேபிள் ஸ்பூன் ஆறிய பாலில் கரைத்து, கொதிக்கும் சாஸில் மெல்லிய தாரையாக ஊற்றிக் கிளறினால் ஒரு நிமிடத்தில் கெட்டியாகும். மைதாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டியாக்கும் சக்தி அதற்கு உண்டு என்பதால் கை அடக்கம் வேண்டும். சாஸுக்கு ஒரு கண்ணாடிப் பளபளப்பு வந்துவிடும் என்பதால் அவசரத்துக்கு மட்டும் இதை வைத்துக்கொள்வது என் விருப்பம். சீஸ் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் மாவைத் தொடுவதற்கு முன் சீஸைப் போட்டுப் பாருங்கள். துருவிய சீஸ் உருகும்போதே சாஸ் ஒரு படி இறுகும்.

நீர்த்துப்போவதற்கு யாரும் சந்தேகப்படாத காரணம் ஒன்றும் உண்டு. ருசி பார்த்த கரண்டியைக் கழுவாமல் திரும்ப சாஸில் விடுவது. உமிழ்நீரில் ஸ்டார்ச்சைச் சிதைக்கும் ஒரு நொதி இருக்கிறது. அடுப்பில் கொதித்துக் கொண்டிருக்கும்போது அது செயலிழந்துவிடும். இறக்கி வைத்து வெதுவெதுப்பாக இருக்கும் சாஸில் போனால் வேலையைக் காட்டும். இன்னொரு காரணம் காய்கறி. காளான், பசலைக்கீரை, குடைமிளகாய் போன்றவற்றைப் பச்சையாகச் சாஸில் போட்டால் வேகும்போது தண்ணீர் விட்டு, சரியாக வந்த சாஸையும் கரைத்துவிடும். தனியாக வதக்கி, நீர் வற்றிய பிறகே சேர்க்க வேண்டும். இந்தத் தவறை மாவைக் கூட்டிச் சரிசெய்ய முயன்றால் சாஸ் பசை போலாகும், தண்ணீரும் பிரிந்து நிற்கும்.

கெட்டியாகிவிட்ட சாஸ் எளிய வழக்கு. வெதுவெதுப்பான பாலை இரண்டு டேபிள் ஸ்பூனாக ஊற்றி, முழுதும் கலந்த பிறகு அடுத்த இரண்டு. மாவு 50 கிராம் போய்விட்டது என்று தெரிந்தால் ஏறக்குறைய இன்னும் 200 மில்லி, ஒரு டம்ளர் பால், தேவைப்படும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு எடுத்து வைத்துக்கொள்ளலாம். இங்கும் முதல் ஊற்றைப் போலவே நிதானம் வேண்டும். இறுகிய சாஸில் ஒரு டம்ளரையும் மொத்தமாக ஊற்றினால் அது பாளம் பாளமாகப் பாலில் மிதக்கும். தண்ணீர் ஊற்றக் கூடாதா என்று கேட்பார்கள். பாஸ்தா வேகவைத்த நீர் இரண்டு கரண்டி என்றால் தாராளமாக ஊற்றலாம், அதிலும் ஸ்டார்ச் இருக்கிறது. அந்த நீரில் உப்பு இருப்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஒரு டம்ளர் வெறும் தண்ணீர் என்றால் சாஸின் பால்சுவை போய்விடும். பால் சேர்த்த பிறகு மறுபடி உப்பு பார்க்க வேண்டும், நிச்சயம் குறைந்திருக்கும்.

அடிபிடித்த வாசனை வந்தால் கிளறவே கூடாது. அடியைச் சுரண்டாமல் மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி ருசி பாருங்கள். பெரும்பாலும் தப்பித்திருக்கும். கருகல் சுவை ஏறிவிட்டிருந்தால் அதைப் போக்க வழியில்லை.

சாஸைச் செய்துவிட்டுச் சற்று நேரம் கழித்துத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் மேலே தோல் படியும். பிறகு கிளறும்போது அந்தத் தோல் கிழிந்து, கட்டியே இல்லாமல் வந்த சாஸில் கட்டி உண்டாக்கும். பட்டர் பேப்பர் ஒன்றைச் சாஸின் மேற்பரப்பைத் தொட்டபடி போர்த்துங்கள். பாத்திரத்துக்கு மேலே மூடி போட்டால் மட்டும் போதாது, இடையில் இருக்கும் காற்றே தோலைப் படியவைக்கும். பேப்பர் இல்லையென்றால் ஒரு சிறு துண்டு வெண்ணெயை மேலே தேய்த்துவிடலாம், அந்தக் கொழுப்பு காற்றைத் தடுக்கும். ஃபிரிட்ஜில் இரண்டு நாள் இருக்கும். எடுக்கும்போது அல்வா போல இறுகி, கரண்டி வைத்தால் துண்டாக வெட்டுப்படும். அப்படியே அடுப்பில் வைத்துக் கிளறினால் வெளிப்பக்கம் உருகி, உள்ளே இருப்பது கட்டிகளாகவே நிற்கும். அடுப்பில் வைப்பதற்கு முன்பே, குளிர்ந்த நிலையிலேயே, விஸ்க்கால் நன்றாக அடித்துக் குழைத்துவிட்டு, இரண்டு ஸ்பூன் பால் விட்டு, மிகக் குறைந்த தீயில் சூடேற்ற வேண்டும். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். உறைந்து உருகிய சாஸிலிருந்து நீர் தனியே பிரிந்துவிடும், அதை மறுபடி கொதிக்கவைத்து அடித்துச் சேர்த்தாலும் பழைய வழவழப்பு முழுதாகத் திரும்பாது.